உப்புக் கணக்கு

என் அம்மாவுக்கு அன்பைக் காட்டத் தெரிந்த ஒரே வழி தண்ணீர். காய்ச்சல் வந்தாலும், பரீட்சைக்குக் கிளம்பினாலும், புகுந்த வீட்டிலிருந்து அழுதுகொண்டு வந்து நின்றாலும் முதலில் ஒரு சொம்பு தண்ணீரைக் கையில் கொடுப்பாள். கேள்வியெல்லாம் அப்புறம்தான். ஆகவே என் பெருங்குடலை எடுத்துவிட்டு, சிறுகுடலின் முனையை வயிற்றின் வலப்பக்கம் வெளியே தைத்து, அதன்மேல் ஒரு பையை ஒட்டி என்னை வீட்டுக்கு அனுப்பியபோது, அம்மா செய்ததும் அதையேதான். பை நிறைய நிறைய, நான் காலி செய்துவிட்டு வர வர, ஒவ்வொரு முறையும் கட்டிலருகில் ஒரு சொம்பு காத்திருந்தது.

"போறதெல்லாம் தண்ணியாப் போகுது. குடிக்காம இருந்தா எப்பிடிம்மா?"

நானும் குடித்தேன். தண்ணீர், இளநீர், மோர், சாத்துக்குடிச் சாறு, தேநீர் எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு நான்கு லிட்டருக்குக் குறையாது. எட்டே நாளில் அவசர சிகிச்சைப் பிரிவில் கிடந்தேன். நீர் வற்றிப் போயிருந்தேன்.

இந்த முரணைப் புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. தமிழ் படித்தவள் நான். உடலைப் பற்றி இருபது வருடமாகக் கவிதை எழுதியிருக்கிறேன். என் குடலில் உப்பும் நீரும் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்பது நாற்பத்து மூன்று வயதுவரை எனக்குத் தெரியாது. தெரியாமல் இருந்ததில் என் பங்கும் உண்டு என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

பன்னிரண்டு வருடங்களாக எனக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் இருந்தது. பெருங்குடலின் உட்சுவர் புண்ணாகி ரத்தம் வடியும் நோய். மாத்திரைகளும் ஊசிகளும் ஒவ்வொன்றாகக் கைவிட்டபின், பெருங்குடலை எடுப்பதென்று முடிவானது. சிறுகுடலின் கடைசிப் பகுதிக்கு இலியம் என்று பெயர். அதை வயிற்றில் திறப்பதால் இந்த ஏற்பாடு இலியாஸ்டமி. வெளியே தெரியும் சிவந்த சிறு மொட்டு ஸ்டோமா.

பெருங்குடல் போய்விட்டால் என்ன போகிறது என்பதுதான் கதையின் மையம். சாப்பாடு செரிப்பதும் சத்து உறிஞ்சப்படுவதும் பெரும்பாலும் சிறுகுடலிலேயே முடிந்துவிடுகின்றன. பெருங்குடலின் முக்கியமான வேலை மிச்சத்தை வாங்கிச் சேமிப்பது. சிறுகுடலிலிருந்து தினமும் வந்து சேரும் ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் நீரையும் அதில் கரைந்திருக்கும் உப்பையும் பெருங்குடல் கிட்டத்தட்ட முழுவதுமாகத் திருப்பி எடுத்துக்கொள்ளும். வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு முடித்தபின், சிந்தியதையும் மீந்ததையும் வழித்தெடுத்து அடுத்த வேளைக்கு வைக்கும் பெண்ணைப் போல. அவள் இருக்கும்வரை யாருக்கும் அவள் கணக்கு தெரியாது.

அவள் போனபின் அந்த உப்பு பைக்குள் போகிறது. இலியாஸ்டமியிலிருந்து வெளியேறும் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 100 மில்லிமோல் சோடியம் இருக்கும். சமையலறைக் கணக்கில் சொன்னால் சுமார் ஆறு கிராம் உப்பு, ஒரு தட்டையான தேக்கரண்டி. சிறுகுடல் பழகியபின் நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர்வரை வெளியேறுவது வழக்கம். அப்போது சாப்பாட்டில் கொஞ்சம் கூடுதலாக உப்புச் சேர்த்தால் சரிக்கட்டிவிடலாம். ஒன்றரை லிட்டரைத் தாண்டி, அதிலும் இரண்டு லிட்டரைத் தொட்டு, நாள்கணக்கில் நீடித்தால் உடல் ஈடுகொடுக்காது. அதைத்தான் 'ஹை அவுட்புட்' என்கிறார்கள்.

மருத்துவமனையிலிருந்து கிளம்பும்போது ஸ்டோமா நர்ஸ் என் கையில் கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் குவளையைக் கொடுத்தார். "பையைக் காலி பண்ணும்போதெல்லாம் இதுல ஊத்தி அளந்து எழுதிவைங்க மேடம். ஒன்றரை லிட்டரைத் தாண்டினா போன் பண்ணுங்க." நான் தலையாட்டினேன். அந்தக் குவளை துணிப்பையின் அடியிலேயே கிடந்தது. என்னுடையதை ஒரு குவளையில் ஊற்றிக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக் கோடு பார்ப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வீட்டில் ஒரே கழிப்பறை. வெளியே மாமனார் செய்தித்தாள் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மாதவிலக்குத் துணியையே யாருக்கும் தெரியாமல் உலர்த்தப் பழக்கப்பட்ட கைகள், இதற்குச் சட்டென்று துணியவில்லை.

கூடவே கொடுத்த உணவுத் தாளில் "நிறையத் திரவம் எடுத்துக்கொள்ளவும்" என்று ஒரு வரி இருந்தது. எந்தத் திரவம் என்று அதில் இல்லை. அம்மா அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டாள்.

முதல் வாரம் பையை நாளுக்கு ஐந்தாறு முறை காலி செய்தேன். பிறகு எட்டு, பிறகு பன்னிரண்டு. இரவிலும் மூன்று முறை எழ வேண்டியிருந்தது. கஞ்சிபோல் இருந்தது வெறும் தண்ணீராக ஓடியது. நாக்கு ஒட்டிக்கொள்ளும் தாகம். எவ்வளவு குடித்தும் அடங்காத தாகம் ஓர் அறிகுறி என்று அப்போது தெரியாது. சிறுநீர் குறைந்து, கட்டங்காப்பி நிறத்துக்கு வந்தது. கட்டிலிலிருந்து எழுந்தால் கண் இருட்டியது. ராத்திரியில் கெண்டைக்கால் சுருட்டி இழுத்தது. வீடு வந்தபோது 54 கிலோ இருந்தவள் எட்டாம் நாள் 49.5 கிலோ. ஒரு வாரத்தில் நாலரைக் கிலோ கொழுப்புக் கரையாது. போனது நீரும் உப்பும்தான். பார்க்க வந்த உறவுக்காரப் பெண் "நல்லா ஸ்லிம் ஆயிட்டியே" என்றாள். எனக்கும் ஒரு கணம் சந்தோஷமாக இருந்தது என்பதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

மருத்துவமனையில் சேர்ந்த முதல் 24 மணி நேரத்தில் வெளியேறியதை நர்ஸ் அளந்தார். 2,600 மில்லி. அதாவது ஏறத்தாழ 15 கிராம் உப்பு ஒரே நாளில். ரத்தத்தில் சோடியமும் மக்னீசியமும் குறைந்திருந்தன. கிரியேட்டினின் 2.1க்கு ஏறியிருந்தது, சிறுநீரகம் திணறுகிறது என்று பொருள். சிறுநீரில் சோடியம் லிட்டருக்கு 10 மில்லிமோலுக்கும் கீழே. "இந்த ஒரு டெஸ்ட்தான் உண்மையைச் சொல்லும்" என்றார் டாக்டர், என்னைவிடச் சில வருடம் இளைய பெண். "ரத்தத்துல சோடியம் ஓரளவு சரியா இருந்தாக்கூட சிறுநீர்ல 20க்குக் கீழ இருந்தா, உடம்பு உப்பை ஒரு சொட்டுகூட விடாமப் பிடிச்சு வச்சிருக்குன்னு அர்த்தம். பஞ்சம் வந்த வீடு மாதிரி."

பிறகு அவர் கேட்டது: "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிச்சீங்க?"

அம்மா பெருமையாகச் சொன்னாள். "நாலு லிட்டர் குடுத்தேன் டாக்டர். இளநி மட்டும் மூணு."

டாக்டர் அம்மாவைத் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, ஒரு தாளில் படம் போட்டு அம்மாவுக்குத்தான் விளக்கினார். சிறுகுடலின் மேல்பகுதிச் சுவர் இறுக்கமானது அல்ல, உப்பும் நீரும் இருபக்கமும் கசியக்கூடியது. உப்பில்லாத தண்ணீர் உள்ளே வந்தால், உள்ளே இருப்பதும் ரத்தத்தில் இருப்பதும் சமமாகும்வரை உப்பு ரத்தத்திலிருந்து குடலுக்குள் இறங்கும். பெருங்குடல் உள்ளவர்களுக்குக் கவலையில்லை, கீழே போகும்போது அது மீட்கப்பட்டுவிடும். எனக்கு மீட்க ஆளில்லை. குடித்த வெறும் தண்ணீர் என் உப்பைக் கையோடு கூட்டிக்கொண்டு வெளியே போகிறது. உப்புப் போனால் அதன் பின்னாலேயே நீரும் போகும். உடல் வறண்டு தாகமெடுக்கிறது. தாகத்துக்கு மறுபடி தண்ணீர். அம்மாவும் நானும் எட்டு நாள் அந்தச் சக்கரத்தைச் சேர்ந்து சுற்றியிருந்தோம்.

"இளநியில உப்பு இருக்குமே டாக்டர்?"

"அதுல இருக்கிறது பெரும்பாலும் பொட்டாசியம் அம்மா. இவங்க இழக்கிறது சோடியம். சிறுநீரகம் வேற திணறிட்டிருக்கு, இந்த நேரத்துல அவ்வளவு பொட்டாசியம் ஆபத்து. பழச்சாறும் அப்படித்தான், அதுல சர்க்கரை அதிகம். அடர்த்தியான சர்க்கரை குடலுக்குள்ள தண்ணியை இழுக்கும்."

அம்மா அன்று சாயந்திரம்வரை பேசவில்லை. பிறகு, "நானேவாடி உனக்கு இப்பிடிப் பண்ணிட்டேன்" என்றாள். அந்தக் குற்றவுணர்வு அவளுடையது அல்ல என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பராமரிப்பு முழுவதையும் பெண்கள் தலையில் வைத்துவிட்டு, அதற்கான அறிவை மட்டும் ஒற்றை வரியில் முடித்துக்கொள்வதை என்னவென்று சொல்வது?

சிகிச்சை எளிமையாக இருந்தது. முதலில் நரம்பு வழியாக உப்புநீர் ஏற்றினார்கள். அது ஏறியதும் தாகம் நின்றது. நான்கு லிட்டர் தண்ணீரால் தணியாத தாகம் உப்பால் தணிந்தது. வாய்வழியாக வெறும் தண்ணீர், தேநீர், மோர் எல்லாம் சேர்த்து நாளுக்கு அரை லிட்டர்தான் என்று கட்டுப்பாடு வைத்தார்கள். மிச்சமெல்லாம் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீர்.

மருத்துவ உலகில் அந்தக் கலவைக்கு லண்டனில் உள்ள ஒரு மருத்துவமனையின் பெயரால் செயின்ட் மார்க்ஸ் கரைசல் என்று பெயர். ஒரு லிட்டர் தண்ணீரில் 20 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. இதில் லிட்டருக்கு 90 மில்லிமோல் சோடியம் கிடைக்கும். குளுக்கோஸ் எதற்கு என்றால், குடல் சுவரில் சோடியமும் குளுக்கோஸும் கைகோத்து நுழையும் வாசல்கள் இருக்கின்றன. இரண்டும் சரியான அளவில் வந்தால்தான் அவை திறக்கும், நீரும் கூடவே உள்ளே வரும். கடையில் கிடைக்கும் உலக சுகாதார நிறுவனச் சூத்திரப்படியான ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் இதே தத்துவம்தான். 2002இலிருந்து அதில் சோடியம் 75 மில்லிமோல். என் அளவுக்கு இழப்பவர்களுக்கு அது கொஞ்சம் குறைச்சல் என்பதால் எனக்குக் கரைசலைச் சொன்னார்கள். பழச்சுவையோடு அட்டைப் பெட்டியில் வரும் பானங்களில் சர்க்கரை கூடுதல், உப்பு குறைவு. அவை இந்த வேலைக்கு உதவாது.

இந்த அளவுகளைக் கரண்டியால் நம்பி அளக்கக் கூடாது. எங்கள் வீட்டுத் தேக்கரண்டிகளில் ஒன்று 4 கிராம் உப்புப் பிடித்தது, இன்னொன்று 7. எடை பார்க்கும் சின்ன மின்தராசு ஒன்று வாங்கிக்கொண்டேன். சமையல் சோடாவுக்குப் பதில் பேக்கிங் பவுடரைப் போட்டுவிடக் கூடாது, அது வேறு பொருள். கலந்ததை 24 மணி நேரத்துக்குமேல் வைத்துக்கொள்ளவும் கூடாது. சுவை கண்ணீர்போல இருக்கும். குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, உறிஞ்சுகுழலில் வாய்க்குக் கொஞ்சமாக, நாள் முழுக்கக் குடித்தால் இறங்கிவிடும். ஒரே மூச்சில் குடித்தால் அதுவும் ஓடிவிடும்.

மருந்தில் முக்கியமானது லோபரமைடு. குடலின் ஓட்டத்தைத் தாமதப்படுத்தி, நீர் உறிஞ்சப்பட நேரம் கொடுக்கும். சாப்பிடுவதற்கு அரைமணி நேரம் முன்பும் படுக்கும்முன்பும் எடுக்க வேண்டும். சாப்பிட்டபின் எடுத்தால் ரயில் போனபிறகு கேட்டை மூடுவதுபோல. எனக்கு மாத்திரை முழுசாகவே பையில் வந்து விழுந்தது. சொன்னவுடன் கேப்சூலைத் திறந்து பொடியாக எடுக்கச் சொன்னார்கள். இரைப்பைச் சுரப்பைக் குறைக்க ஓமிப்ரசோலும் சேர்த்தார்கள். அளவு அவரவருக்கு மாறும். லோபரமைடு அளவுமீறினால் இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடியது, ஆகவே கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவரின் வேலை.

இதைத் தொடங்கும்முன் அவர் இரண்டு விஷயங்களை உறுதிசெய்துகொண்டார். ஒன்று, தொற்று இல்லை என்பது. மற்றது, அடைப்பு இல்லை என்பது. குடல் பாதி அடைத்துக்கொண்டாலும் அடைப்பைச் சுற்றித் தண்ணீர் மட்டும் பீறிட்டு வரும். பார்க்க ஹை அவுட்புட் போலவே இருக்கும். ஆனால் அதில் விட்டுவிட்டு முறுக்கும் வலி, வயிற்று உப்பல், வாந்தி, ஸ்டோமா வீங்குவது, பிறகு சட்டென்று எதுவும் வராமல் நின்றுபோவது என்று வேறு அடையாளங்கள் உண்டு. அப்போது லோபரமைடு எடுத்தால் நிலைமை மோசமாகும். உடனே மருத்துவமனைக்குப் போவதுதான் வழி. அடைப்புக்குப் பெரும்பாலும் காரணம் நார்தான். தேங்காய்ச் சில்லு, சோளம், காளான், வாழைத்தண்டு, முருங்கைக்காய்ச் சக்கை. முதல் சில வாரங்கள் இவற்றைத் தொடாமல் இருந்தேன். இப்போதும் தேங்காயைச் சட்னியாக அரைத்தே சாப்பிடுகிறேன்.

2,600 என்பது இரண்டாம் நாள் 1,900 ஆனது. மூன்றாம் நாள் 1,400. ஆறாம் நாள் 1,050. அன்றைக்குச் சிறுநீர் ஒரு லிட்டரைத் தாண்டியது. வெளிர்மஞ்சள் நிறத்தில் அதைப் பார்த்து நான் சிரித்ததைப் பார்த்து அம்மா பயந்துபோனாள்.

வீடு திரும்பியபின் காத்திருந்தது வேறொரு சிக்கல். எங்கள் வீட்டுச் சமையலில் உப்பு அரை அளவுதான். கணவருக்கு ரத்த அழுத்தம் என்று தெரிந்த நாளிலிருந்து அத்தை அப்படித்தான் சமைக்கிறார். அவருக்காகக் குறைத்த உப்பைத்தான் ஐந்து பேரும் சாப்பிட்டோம். யாரும் யாரையும் கேட்கவில்லை. அடுப்பு ஒன்று, குழம்பு ஒன்று. நான் எனக்கென்று உப்புக் கேட்டபோது அத்தைக்குக் கோபமில்லை, குழப்பம்தான் வந்தது.

"உப்பு ஆகாதும்பாங்களே கண்ணு. எல்லா டாக்டரும் அதைத்தானே சொல்றாங்க?"

"அவருக்கு ஆகாது அத்தை. எனக்கு அது இல்லாமதான் ஆகாது."

ஒரு பீங்கான் ஜாடியில் உப்பை நிரப்பி மேசையில் என் தட்டருகே வைத்துக்கொண்டேன். இருபது வருடக் குடும்ப வாழ்க்கையில் அந்தச் சமையலறையில் எனக்கே எனக்கென்று வந்த முதல் பொருள் அது. இப்போது அத்தையே என் சோற்றுக் கஞ்சியைத் தனியாக எடுத்து உப்புப் போட்டு வைக்கிறார். குழைந்த சோறு, இட்லி, உருளைக்கிழங்கு, வாழைப்பழம், ஜவ்வரிசி ஆகியவை வெளியேறுவதைக் கெட்டியாக்குகின்றன. சாப்பிடும்போது குடிப்பதில்லை, அரைமணி நேரம் இடைவெளி விடுகிறேன். ஆறு சிறு வேளைகளாகச் சாப்பிடுகிறேன், கடைசி வேளை இரவு ஏழு மணிக்குள்.

கல்லூரிக்குத் திரும்பியபோதுதான் இன்னொன்றைக் கவனித்தேன். எங்கள் ஆசிரியைகளில் பாதிப்பேர் காலை எட்டு மணிக்குமேல் தண்ணீர் குடிப்பதில்லை. கழிப்பறையின் லட்சணம் அப்படி. நானும் அப்படி இருந்தவள்தான். திரும்பிய முதல் வாரம், பை நிறைந்துவிடக் கூடாதென்று மதியம் சாப்பிடாமலும் குடிக்காமலும் இருந்து பார்த்தேன். வெறும் குடலும் சுரந்துகொண்டேதான் இருக்கிறது. காற்றுச் சேர்ந்து பை உப்பியது, மூன்றாம் நாள் தலைசுற்றல் திரும்ப வந்தது. முதல்வரிடம் போய், கதவு பூட்டும், கொக்கியும், தண்ணீரும் உள்ள கழிப்பறை ஒன்று வேண்டும் என்று எழுதிக்கொடுத்தேன். காரணத்தையும் அப்படியே எழுதினேன். கிடைத்தது. இப்போது அதை எல்லோரும் பயன்படுத்துகிறார்கள்.

குவளையை வெளியே எடுத்துவிட்டேன். கழிப்பறை ஜன்னலில், எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கிறது. தினமும் அளப்பதில்லை. பங்குனி வெயில் ஏறும்போதும், வயிற்றுப்போக்கு மாதிரித் தோன்றும்போதும், எடை இரண்டு நாளில் ஒரு கிலோவுக்குமேல் இறங்கும்போதும் அளக்கிறேன். அளவு ஒரு லிட்டருக்குள் இருந்தால் வெறும் தண்ணீருக்கு இவ்வளவு கெடுபிடி இல்லை, மற்றவர்களைப் போலவே குடிக்கிறேன். ஒன்றரையைத் தொட்டால் தண்ணீரைக் குறைத்து, கரைசலைக் கலந்து, மருத்துவருக்குச் சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் என் பழைய மாணவி ஒருத்தி இரவு பத்து மணிக்குப் போன் செய்தாள். அவள் அக்காவுக்கு இதே அறுவைச் சிகிச்சை ஆகிப் பன்னிரண்டு நாள். எழுந்தால் தலைசுற்றுகிறதாம், தாகம் அடங்கவே மாட்டேன் என்கிறதாம். அம்மா இளநீரும் தண்ணீருமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறாராம்.

"இன்னைக்குப் பையில எத்தனை மில்லி?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அளக்கல மேம். அக்கா கூச்சப்படுறா."

"சிறுநீர் எப்போ போனா?"

"காலையில ஒருதடவை."

"அப்ப அளக்க வேண்டாம். இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுக் கிளம்பு. போற வழியில எத்தனை தடவை காலி பண்ணினான்னு கேட்டு எழுதிக்கோ. அம்மாவையும் கூட்டிட்டுப் போ. டாக்டர் சொல்றதை அவங்களும் கேக்கணும்."

மறுநாள் மதியம் செய்தி வந்தது. உப்புநீர் ஏறிக்கொண்டிருக்கிறது, தாகம் குறைந்திருக்கிறது. கீழே ஒரு புகைப்படம். கோடு போட்ட பிளாஸ்டிக் குவளை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த அம்மா நின்றிருந்தார்.